மூன்று புள்ளி ஆறு

இதை முதலில் சிறுகதையாகத்தான் எழுதினேன். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனை, ஜூலை மாதச் சாரல், நைட் டியூட்டியில் ஒரு நர்ஸ், கேட்கவும் பார்க்கவும் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகள். பம்பின் பட்டனை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் நர்ஸுக்கு ஏதோ உறுத்தும். கையை இழுத்துக்கொள்வாள். நோயாளி பிழைத்துவிடுவார். விடியும்போது கோயில் கோபுரத்துக்குப் பின்னால் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். நாலு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே பிடித்திருந்தது. எங்காவது அனுப்புவதற்கு முன்னால், அன்றைக்கு என்னோடு டியூட்டியில் இருந்த பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். அவள் ஒரே ஒரு வரிதான் பதில் போட்டாள். அதைப் படித்த பிறகு அந்தக் கதையை வைத்துக்கொள்ள முடியவில்லை.

நடந்தது இதுதான்.

குற்றாலத்தில் சீசன் என்றால் மற்றவர்களுக்கு அருவி, எண்ணெய்க் குளியல், பார்டர் புரோட்டா. தென்காசியில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு அது வேறு கணக்கு. பாறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தவர்கள், மலைப்பாதையில் வேன் உரசி வந்தவர்கள், குளிர்ந்த தண்ணீரில் நின்றுவிட்டு இழுப்பு வந்த ஆஸ்துமாக்காரர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். காஷுவாலிட்டி தரை எப்போதும் ஈரமாக இருக்கும். தலையில் தேய்த்த எண்ணெய் வாசனை டெட்டால் வாசனையை மீறி வரும்.

அன்று ராத்திரி எட்டு மணி சுமாருக்கு வந்தவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தவர்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வெளியே வந்தபோதே நெஞ்சை அடைத்திருக்கிறது. வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறார். ஒரு மணி நேரம் வேனிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ‘இவ்வளவு வேர்த்திருக்குமே, கவனிக்கலையா’ என்று நான் கேட்டதற்கு அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அருவில குளிச்சிட்டு வந்தாகம்மா. உடம்பெல்லாம் தண்ணி. இதுல எது வேர்வைன்னு நான் கண்டேன்?”

ஈ.சி.ஜி.யில் இதயத்தின் முன்பக்கச் சுவர் முழுக்க அடி வாங்கியிருந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம். வலி குறைந்தது. ஆஞ்சியோவுக்குத் திருநெல்வேலி போக வேண்டும், அதற்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ரோடு. பிரஷர் நிலையாக நிற்காமல் அனுப்ப வேண்டாம், விடியற்காலை பார்க்கலாம் என்று முடிவானது.

பன்னிரண்டரைக்கு மேல் நிலைமை மெதுவாகச் சரிய ஆரம்பித்தது. பிரஷர் 92/60. துடிப்பு 104. மூச்சு கொஞ்சம் வேகம், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் அடிப்பக்கம் நொறநொறவென்று சத்தம். காலைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அருவிக் குளிர் இத்தனை மணி நேரம் நிற்காது. எல்லாவற்றையும்விட யூரின் பேக்தான் என்னைப் பயமுறுத்தியது. போன ஒரு மணி நேரத்தில் 15 மில்லி. இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளவில்லை என்பதை முதலில் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் கிட்னிதான்.

டியூட்டி டாக்டர் காஷுவாலிட்டியில் இரண்டு விபத்துக் கேஸ்களோடு மாட்டிக்கொண்டிருந்தார். இதய டாக்டர் திருநெல்வேலிக்காரர், வாரத்தில் சில நாள் எங்களிடம் வருவார். அன்றைக்கு அவரும் சொந்தக்காரர்களோடு குற்றாலத்தில்தான் இருந்தார். ராத்திரியில் கூட்டம் குறைந்த பிறகு மெயின் அருவியில் குளிப்பது இந்தப் பக்கத்து ஆட்களின் பழக்கம். ஒரு மணிக்கு நான் போன் போட்டபோது அவர் அருவிக்குப் பக்கத்தில் நின்றார் என்பது எடுத்த உடனே தெரிந்தது. அவர் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். என் பக்கம் மழை தகரத்தில் விழும் சத்தம்.

பிரஷர், துடிப்பு, யூரின் எல்லாம் சொன்னேன். எடை கேட்டார். அந்த அம்மாவிடம் கேட்டிருந்தேன், அறுபது இருக்கும் என்று சொல்லியிருந்தார். அவர் மடமடவென்று சொன்னார். மருந்தின் பெயர். ஐந்து மைக்ரோ. ஒரு ஆம்பூலை ஐம்பது மில்லி ஆக்கி 3.6-ல் ஓட்டுங்கள். பிரஷர் இறங்கினால் உடனே கூப்பிடுங்கள், நார்அட்ரினலின் சேர்க்கலாம். நான் “சரி சார், சரி சார்” என்று சொன்னேன். திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. போனில் வாங்கும் ஆர்டரை எழுதி, எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டி, ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்க வேண்டும் என்பது நர்சிங் படிப்பின் ஆரம்பப் பாடம். அதை நான் ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது, அவரும் நனைந்த கையோடு போனைப் பிடித்திருப்பார், நான் வைத்துவிட்டேன்.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: டோபா, 5, 3.6.

எங்கள் வார்டுகளில் யாரும் முழுப் பெயர் சொல்லுவதில்லை. நார்அட்ரினலின் ‘நார்அட்’. டோபமின் ‘டோபா’. டோபுட்டமின் ‘டோபுட்டா’. அவர் சொன்னது முதலாவதா இரண்டாவதா என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சரியாகக் கேட்காதவருக்குச் சந்தேகம் வரும், திரும்பக் கேட்பார். தப்பாகக் கேட்டவருக்குச் சந்தேகம் வராது. காது அரைச் சொல்லை வாங்கி மீதியைத் தானே நிரப்பிவிடுகிறது. எதை வைத்து நிரப்பும்? அதிகம் பழகிய சொல்லை வைத்து. எங்கள் ஐ.சி.யூ.வில் டோபமின் ஓடாத வாரம் கிடையாது. டோபுட்டமின் மாதத்துக்கு ஒன்றிரண்டு.

என்னோடு இருந்த பிள்ளை வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கடையநல்லூர்ப் பக்கம். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள். அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் அவளைச் சத்தம் போட்டிருந்தேன். வேறொரு நோயாளியின் ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நிமிஷத்தில் ஏற்ற வேண்டும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள். “ஏட்டி, எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே நிப்பியா? விடிஞ்சிரும்” என்றேன். முகம் சுருங்கிப் போனது.

அவளிடம் ஷீட்டைக் காட்டி மருந்து கலக்கச் சொல்லிவிட்டு நான் நோயாளியிடம் போய்விட்டேன். எமர்ஜென்சி ட்ராலியின் இரண்டாவது இழுப்பறையில் மருந்துகளை ஆங்கில அகர வரிசையில் வைத்திருந்தோம். தேடுவதற்கு வசதி என்று நாங்களேதான் அப்படி அடுக்கினோம். அதனால் டோபமினும் டோபுட்டமினும் அடுத்தடுத்த கட்டத்தில். இரண்டும் 5 மில்லி கண்ணாடி ஆம்பூல். அவள் எழுதியிருந்ததைப் பார்த்து, எழுதியிருந்ததையே எடுத்தாள். அதில் அவள் பிழை ஒன்றுமில்லை. ஐந்து மில்லி மருந்து, நாற்பத்தைந்து மில்லி சலைன், ஐம்பது மில்லி சிரிஞ்ச். மேலே லேபிள் எழுதி ஒட்டி, பம்பில் மாட்டிவிட்டு, பிறகு அங்கேயே நின்றாள்.

“என்னட்டி நிக்க? போடு.”

“எக்கா... 4.5ல்லா வருது.”

“என்னது?”

“கணக்குப் போட்டுப் பாத்தேன். 3.6 வரல. 4.5 வருது.”

அவள் உள்ளங்கையில் பேனாவால் போட்டிருந்த கணக்கு இது. நிமிஷத்துக்கு ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். அறுபது கிலோவுக்கு 300 மைக்ரோகிராம். ஒரு மணி நேரத்துக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மில்லிகிராம். கையில் இருக்கும் ஆம்பூலில் 200 மில்லிகிராம், அதை 50 மில்லி ஆக்கினால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம். பதினெட்டை நான்கால் வகுத்தால் 4.5.

நான் அப்போது நினைத்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். டாக்டர் மனக்கணக்கில் தப்பு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அருவியில் நின்றுகொண்டு போட்ட கணக்குதானே. 4.5 வைத்துவிடலாம், அல்லது அவர் சொன்ன 3.6-ஏ இருக்கட்டும், அது நான்கு மைக்ரோ ஆகும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். இரண்டில் எதை வைத்திருந்தாலும் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இந்த ஜோடியின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. இரண்டு மருந்துக்கும் அலகு ஒன்று, இரண்டுக்கும் வழக்கமான அளவு ஏறக்குறைய ஒரே எல்லைக்குள். ஐந்து என்று எழுதினால் இதற்கும் பொருந்தும், அதற்கும் பொருந்தும். மாத்திரையில் ஒன்று 5 மில்லிகிராம், மற்றது 500 என்றால் எண்ணே ‘நில்’ என்று சொல்லும். இங்கே எண்ணும் தலையாட்டிவிட்டுப் போய்விடும்.

இங்கே மிச்சமிருந்தது அந்த 3.6 மட்டும்தான். இந்த டாக்டர் கணக்கில் தவறுகிற ஆள் இல்லை. அப்படியானால் அவருடைய 3.6 எந்தக் கணக்கில் வரும்? பதினெட்டை எதால் வகுத்தால் 3.6? ஐந்தால். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் என்றால் ஆம்பூலில் 250 இருந்திருக்க வேண்டும்.

250 என்றதும்தான் அருவி இரைச்சலுக்கு நடுவில் அவர் “டூ ஃபிஃப்டி” என்று சொன்னது திரும்பக் கேட்டது. நிஜமாகவே கேட்டதா, இப்போது நானே கற்பனை செய்கிறேனா என்று தெரியவில்லை. ட்ராலிக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். டோபமின், 200 மில்லிகிராம். பக்கத்துக் கட்டத்தில் டோபுட்டமின், 250 மில்லிகிராம். “அதை எடு. பம்பிலேர்ந்து எடுத்திரு” என்றேன். அவள் எடுத்தாள். லைன் நோயாளியின் கையில் இன்னும் இணைக்கப்படவில்லை.

திரும்பப் போன் போடுவதற்குள் என் கை நடுங்கியது. தப்பு நடந்திருக்கும் என்ற பயம் பாதி. மீதி, ராத்திரி ஒன்றேகாலுக்கு டாக்டரை மறுபடி கூப்பிடும் பயம். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில், வேறொரு டாக்டரிடம், “இதுகூடத் தெரியாமலா சிஸ்டர்னு யூனிஃபார்ம் போட்டிருக்கீங்க” என்று எல்லாரும் பார்க்க வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு வார்த்தை ஒரு நர்ஸின் வாயைப் பத்து வருஷத்துக்கு அடைத்துவிடும்.

இவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் “டோபமின்” என்று முழுதாகச் சொன்னதும் எதிர்ப்பக்கம் ஒரு கணம் அருவி மட்டும் கேட்டது. பிறகு, “டோபமினா? நான் எங்கம்மா டோபமின் சொன்னேன்? டோபுட்டமின். டோ-புட்-டமின். ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?” “இல்ல சார், இன்னும் கனெக்ட் பண்ணல.” “நல்ல வேளை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்றரைக்கு டோபுட்டமின் ஓட ஆரம்பித்தது, 3.6-ல். மணிக்கு மணி யூரின் பேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு 25, ஐந்து மணிக்கு 40. கால் கொஞ்சம் வெதுவெதுப்பானது. ஆறரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

டோபமின் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறுகதையில் இதற்கு நான் எழுதிய பதில், ‘இதயம் நின்றிருக்கும்’. அது புளுகு. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். டோபுட்டமின் முக்கியமாக இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும், கூடவே ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் தளர்த்திவிடும். தள்ளுகிற வலு கூடுகிறது, எதிர்ப்பு குறைகிறது. களைத்துப் போன இதயத்துக்கு அது தோதான உதவி. டோபமினும் அந்த அளவில் வலுவைக் கூட்டத்தான் செய்யும். ஆனால் துடிப்பை விரட்டுவது அதிகம், அளவு கூடக் கூடக் குழாய்களை இறுக்கவும் ஆரம்பிக்கும். ஏற்கெனவே ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் தசையை இன்னும் வேகமாக ஓடச் சொல்வதுபோல. 2010-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதிர்ச்சி நிலையில் இருந்த 1,679 நோயாளிகளில் டோபமினையும் நார்அட்ரினலினையும் ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாவது டோபமின் பக்கம் இரண்டு மடங்கு. அதில் இதயம் பழுதாகி அதிர்ச்சிக்குப் போனவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது டோபமின் பக்கம் சாவும் அதிகம். அது டோபுட்டமினோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை. ஆனால் அடிபட்ட இதயத்துக்கு டோபமின் எவ்வளவு கரடுமுரடான துணை என்பது அதில் தெரியும். அந்த மனிதருக்கு அன்று ராத்திரி துடிப்பு 104-இல் இருந்து 140-க்குப் போயிருந்தால், நான் நோயைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன், மருந்தை இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு, ‘டோபா ஓடுது சார், துடிப்பு ஏறுது’ என்றிருப்பேன். அவர் காதில் அது ‘டோபுட்டா’ என்று விழுந்திருக்கும்.

பிறகு கொஞ்ச நாள் இந்தப் பெயர்களைத் துருவிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் இல்லை. வேதியியலில் டோபமின் மூலக்கூறின் வாலில் நாலு கார்பன் கொண்ட ஒரு சங்கிலியை, அதன் நுனியில் ஒரு வளையத்தோடு, சேர்த்தால் டோபுட்டமின். நாலு கார்பன் சங்கிலிக்குப் பியூட்டைல் என்று பெயர். அந்தப் ‘புட்’தான் நடுவில் செருகி உட்கார்ந்திருக்கிறது. ஆக இவை நேர்மையான உறவுமுறைப் பெயர்கள், அண்ணன் தம்பிக்கு ஒரே முகஜாடை மாதிரி.

கடைப் பெயர்களின் ஜாடை அப்படிப்பட்டதில்லை. நம் ஊரில் இதற்கு உச்சநீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. கேடிலா என்ற பழைய குழுமம் பிரிந்து இரண்டு நிறுவனங்கள் ஆயின. ஒன்று ‘ஃபால்சிகோ’ என்ற பெயரில் ஆர்ட்டிசுனேட் விற்றது. இன்னொன்று ‘ஃபால்சிடாப்’ என்ற பெயரில் மெஃப்ளோகுயின் விற்றது. இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு, ஆனால் வேறு வேறு மருந்து. ஃபால்சிபாரம் என்ற கிருமியின் பெயரிலிருந்து இருவரும் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். கீழ் நீதிமன்றங்கள், இவை டாக்டர் சீட்டில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவை, படித்தவர்கள் கையாள்கிறவை, குழப்பம் வராது என்று நினைத்தன. 2001-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டாக்டரும் மருந்தாளுநரும்கூடத் தவறக் கூடியவர்கள்தான், அவசரத்தில், போனில் சொல்லும்போது, கையெழுத்து புரியாதபோது குழப்பம் வரும். வேறு பொருளில் குழம்பினால் காசு போகும், மருந்தில் குழம்பினால் உயிர் போகும். அதனால் மருந்துப் பெயர்களை மற்ற எதையும்விடக் கறாராகப் பார்க்க வேண்டும் என்றது. பல மொழிகளும், நகரம் கிராமம் என்ற வித்தியாசமும் உள்ள நாடு இது என்பதையும் கணக்கில் எடுத்தது. அந்த இடத்தைப் படிக்கும்போது எங்கள் மழை பெய்யும் தகரக் கூரைதான் ஞாபகம் வந்தது.

மொழி என்றதும் இன்னொன்று. அமெரிக்காவில் இந்த மாதிரி ஜோடிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெயரில் வேறுபடுகிற பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது: DOPamine, DOBUTamine. கண் ஓடிப்போகாமல் அந்த இடத்தில் முட்டி நிற்கும். நல்ல யோசனை. ஆனால் நம் எழுத்தில் பெரிய எழுத்தே கிடையாது. அதைவிட மோசம், இந்த இரண்டு பெயருக்கும் இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் முதல் வித்தியாசம், உதடு மூடித் திறக்கும் அந்த இரண்டு ஒலிகள், தமிழில் ஒரே எழுத்து. டோபமினுக்கும் ‘ப’, டோபுட்டமினுக்கும் ‘ப’. எழுத்தில் மட்டுமில்லை, வாயிலும் நாங்கள் அதைப் பெரிதாகப் பிரிப்பதில்லை. பஸ்ஸையும் பால்பாயிண்ட்டையும் நாங்கள் எப்படிச் சொல்கிறோம் என்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் தெரியும். கண்ணுக்கான வைத்தியம் காதுக்கு உதவாது. என் பிழையோ காதில் நடந்தது.

அந்த வாரம் ட்ராலியை மாற்றி அடுக்கினோம். டோபுட்டமினை வேறு இழுப்பறைக்குக் கொண்டுபோனோம், மேலே அந்தப் பெரிய எழுத்து லேபிளை அச்சடித்து ஒட்டினோம். ‘டோபா’ என்று யாரும் எழுதக் கூடாது என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னார். எழுதுவது நின்றது. சொல்வது நிற்கவில்லை.

இனிமேல்தான் எனக்குச் சொல்லக் கூச்சமான பகுதி.

நடந்ததைப் பிழைப் பதிவேட்டில் எழுதினேன். எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய, நான் எழுதினேன் என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆனால் எழுதியது இப்படி: ‘போன் ஆர்டரில் மருந்துப் பெயர் குழப்பம். பம்ப் தொடங்கும் முன் ஊழியரால் கண்டறியப்பட்டது.’ யார் தப்பாகக் கேட்டது, யார் கண்டறிந்தது என்று இல்லை. அதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை. மாதக் கூட்டத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்து, சீனியர்னா இப்படி இருக்கணும் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளையும் தட்டினாள். மூன்று வாரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நோயாளியின் மகன் வந்தார், அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார் என்று சொன்னார். ‘அன்னைக்கு நைட்டு இருந்த சிஸ்டருக்கு’ என்று பால்கோவா கொடுத்தார். அவளுக்கு அன்றைக்கு ஆஃப். வார்டில் இருந்தவர்களோடு பிரித்துத் தின்றோம். அவளுக்கென்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பிறகு அவள் அரசு வேலைக்குத் தேர்வு எழுதி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். நான் கதை எழுதினேன். கதையில் ஜூனியர் நர்ஸே இல்லை. நர்ஸுக்கு ‘ஏதோ உறுத்தும்’. உறுத்தல் என்று எதுவும் அன்றைக்கு எனக்கு இல்லை. வகுத்துப் பார்த்தால் வராத ஒரு எண், பத்து மணிக்குத் திட்டு வாங்கியும் ஒன்றேகாலுக்கு அதை வாய்விட்டுச் சொன்ன ஒரு பிள்ளை, அவ்வளவுதான் இருந்தது. அவள் அனுப்பிய வரி:

“கதை நல்லாருக்கு எக்கா. 4.5 வருதுன்னு நான்தான சொன்னேன்?”

கோபமாகவெல்லாம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் இருந்தது, அவளுக்கே ஞாபகம் தப்பிவிட்டதோ என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போன் பண்ணினேன். ஆமாட்டி, நீதான் சொன்னே, தப்பா எழுதினது நான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டே நின்னேன். கணக்குத் தப்பா இருக்கக் கூடாதேன்னு மூணு தடவ போட்டுப் பாத்தேன்” என்றாள். அந்த மூன்று தடவைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். பயப்படாதவளாக இருந்தால் ஒரு தடவையிலேயே சொல்லியிருப்பாள். இன்னும் கொஞ்சம் பயந்தவளாக இருந்தால் 3.6-ல் வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

பதிவேட்டின் பழைய பக்கத்தில் இப்போது எதையும் சேர்க்க முடியாது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இத்தன நாள் கழிச்சா?” என்றார். அடுத்த கூட்டத்தில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முன்னால் என்னையே சொல்லச் சொன்னார். அந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி.

போன வாரமும் சாரல்தான். நைட் டியூட்டி. அதே டாக்டர், அந்தப் பக்கம் இந்தத் தடவை அருவி இல்லை, டிவி சத்தம்.

“சார், எழுதினதை வாசிக்கேன். டோபுட்டமின். பாட்டிலுக்கு வர்ற பி-யா, பென்சிலுக்கு வர்ற பி-யா?”

அவர் சிரித்தார். “பாட்டில் சிஸ்டர், பாட்டில்.”

“ஆம்பூல் 250-ஆ சார்?”

“250.”

பக்கத்தில் நின்ற புதுப் பிள்ளை உள்ளங்கையில் வகுத்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன்.